பிரான்சைஸ் ஒப்பந்தம்: ராயல்டியில் சறுக்கும் இடங்கள்

டீக்கடை பிரான்சைஸ், அதாவது ஒரு கம்பெனியின் பெயரில் கடை நடத்தும் உரிமை, எடுக்கப் போகிறவர்கள் ஒப்பந்தத்தோடு வந்தால், "ராயல்டி எத்தனை சதவீதம்?" என்றுதான் முதலில் பேச்சு தொடங்கும். எதன் மேல் சதவீதம் என்று கேட்பவர்கள் குறைவு. சிக்கலே அங்கேதான்.

அந்தப் பெயருக்காகக் கம்பெனிக்குத் தொடர்ந்து கட்டும் ராயல்டி பெரும்பாலும் விற்பனைத் தொகையின் மேல்தான். கடைக்காரருக்கு வேண்டியது லாபம், கம்பெனிக்கு வேண்டியது விற்பனை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டீ 20 ரூபாய், பால், தூள், கப் எல்லாம் சேர்த்துச் செலவு 12 ரூபாய், ராயல்டி 6 சதவீதம். ஒரு நாளைக்கு 500 டீ போனால் விற்பனை 10,000. சரக்குக்கு 6,000, ராயல்டி 600 போக, வாடகைக்கும் சம்பளத்துக்கும் லாபத்துக்கும் 3,400 நிற்கும். கம்பெனி "15 ரூபாய் ஆஃபர்" அறிவிக்கிறது. கூட்டம் வருகிறது, 700 டீ ஓடுகிறது. விற்பனை 10,500, ராயல்டி 630. கம்பெனிக்கு 30 ரூபாய் கூடுதல். சரக்குக்கு 8,400 கொடுத்த கடைக்காரர் கையில் 1,470தான். கடை நிறைய ஆள், கல்லாவில் காசில்லை. கடைக்காரர் சம்மதம் இல்லாமல் ஆஃபர் கூடாது, அல்லது ஆஃபர் விற்பனைக்கு ராயல்டி கிடையாது என்று கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும்.

அப்படியானால் லாபத்தின் மேல் ராயல்டி வைத்தால் என்ன என்று தோன்றும். கடைக்காரர் தன் மச்சானைச் சம்பளப் பட்டியலில் சேர்த்தால் லாபம் காணாமல் போய்விடும். எந்தக் கம்பெனியும் அதை நம்பாது. விற்பனையை எண்ணுவது சுலபம்.

இன்னொரு தவறு, "ராயல்டியே கிடையாது, முன்பணம் மட்டும்" என்ற விளம்பரத்தில் மயங்குவது. முன்பணம் வாங்கியபின் உங்கள் கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் கம்பெனிக்கு ஒன்றுதான். அடுத்த வருமானம் அடுத்த கடை திறந்தால்தான், அது பக்கத்துத் தெருவாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட கம்பெனிகள் பல, தூளைத் தங்களிடமே வாங்கச் சொல்லி விலையில் ஏற்றிக்கொள்ளும். அது மறைமுக ராயல்டி. கடைக்காரர் வெளியில் மலிவுத் தூள் வாங்கிக் கலப்பார், பெயர் கெடும். 1955இல் மெக்டொனால்ட்ஸ் கிளைகளைக் கொடுக்கத் தொடங்கிய ரே கிராக், 950 டாலர் முன்பணமும் விற்பனையில் 1.9 சதவீதமும் வாங்கினார். சரக்கில் லாபம் வைக்கவில்லை. கிளையில் விற்பனை ஏறினால்தான் அவருக்கும் வருமானம்.

ஜிஎஸ்டியையும் மறக்காதீர்கள். ராயல்டிக்கு 18 சதவீதம் வரி. 5 சதவீத ஜிஎஸ்டி விகிதத்தில் டீக்கடையோ ஹோட்டலோ நடத்துபவர், கட்டிய அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. 6 சதவீதம் என்பது உண்மையில் 7.08.

கம்பெனிப் பக்கத் தவறும் உண்டு: சதவீதத்தை ஏற்றினால் வருமானம் ஏறும் என்று நினைப்பது. 12 சதவீதம் கேட்டால் பில் போடாமல் டீ போகும், பணம் சொந்த கியூஆர் கோடுக்கு வரும். அதைக் கண்டுபிடிக்கக் கேமரா வேண்டாம். பெயர் அச்சிட்ட பேப்பர் கப்பைக் கம்பெனியே அனுப்பினால் போதும். மாதத்துக்கு 20,000 கப் தீர்ந்து 14,000 டீக்குத்தான் பில் இருந்தால், கிழிந்த கப் எத்தனை என்று கடையில் போய் உட்கார்ந்து கேட்கலாம்.