கோரிக்கைப் பட்டியலில் ஓய்வுக்காலப் பலன்: எதைக் கேட்பது, எந்த வரியைக் கவனிப்பது

ஊதிய உயர்வுப் பேச்சுவார்த்தைக்கு முதன்முறை உட்காரும் நிர்வாகிகளுக்காக இதை எழுதுகிறேன். தனியார் தொழிற்சாலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டு ஒப்பந்தம், பேசிக், டி.ஏ., அதன் மேல் நாலைந்து படிகள் என்று போகும் வழக்கமான சம்பளம்.

பெரும்பாலான கோரிக்கைப் பட்டியலில் கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். நள்ளிரவு தாண்டி எல்லோரும் சோர்ந்த பிறகு "அதைப் பிறகு பார்க்கலாம்" என்பார்கள், நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். ஆனால் ஓய்வுபெறுகிறவர் கையில் எவ்வளவு வரும் என்பது அந்தப் பக்கத்தில் முடிவாவதில்லை. முதல் பக்கத்தில், உயர்வை எந்தத் தலைப்பில் போடுகிறோம் என்பதிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

முதல் வேலை: பே ஸ்லிப்பைப் பிரித்துப் பாருங்கள்

புதியவர், பத்தாண்டு முடித்தவர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருப்பவர் என்று மூன்று பேரின் பே ஸ்லிப்பை வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து எவ்வளவு, மற்ற படிகள் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டிக்கான கணக்கு எளிது: மாதச் சம்பளம் ÷ 26 × 15 × பணியாண்டுகள். 'சம்பளம்' என்பது இங்கே கைக்கு வரும் முழுத்தொகை அல்ல. 1972ஆம் ஆண்டு கிராஜுவிட்டிச் சட்டத்தில் அது பேசிக்கும் டி.ஏ.வும் மட்டும்தான்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இதைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி போன்றவை சம்பளக் கணக்கில் சேராது. ஆனால் அப்படி விலக்கப்படுபவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கணக்கிடப்படும். அதாவது பாதிக்குக் கீழே போகாதபடி ஒரு தரைமட்டம் வந்திருக்கிறது. நிர்வாகம் அந்தத் தரைமட்டத்திலேயே நின்றுகொள்ளப் பார்க்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மொத்தம் 33,000 ரூபாய், அதில் பேசிக்கும் டி.ஏ.வும் 16,000. உயர்வு 9,000 என்று முடிவாகிறது. அவருக்கு 28 ஆண்டு சர்வீஸ்.

உயர்வு முழுவதையும் வீட்டு வாடகைப் படியிலும் போக்குவரத்துப் படியிலும் போட்டால் மொத்தம் 42,000. படிகள் 26,000 ஆகி, பாதியான 21,000ஐத் தாண்டுகின்றன. தாண்டிய 5,000 திரும்பச் சேர்ந்து, கணக்குக்குரிய சம்பளம் 21,000 ஆகிறது. கிராஜுவிட்டி சுமார் 3,39,000.

அதே 9,000ஐ பேசிக்கிலும் டி.ஏ.விலும் போட்டால் சம்பளம் 25,000. கிராஜுவிட்டி சுமார் 4,04,000. உயர்வு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, எந்தத் தலைப்பில் எழுதினோம் என்பதற்கு மட்டும் 65,000 ரூபாய் வித்தியாசம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. சட்டத்தொகுப்பின் விலக்குப் பட்டியலில் 'ஒப்பந்தத்தின்படி வழங்கப்படும் ஊதியம்' என்றும் ஒரு இனம் உண்டு. உயர்வை 'செட்டில்மெண்ட் அலவன்ஸ்' என்று தனிப்பெயர் வைத்து எழுதவிட்டால், அதை விலக்கச் சொல்லி நிர்வாகம் வாதிட இடம் கிடைக்கும். "இந்த உயர்வில் இவ்வளவு பேசிக்கில் சேர்கிறது, இவ்வளவு டி.ஏ.வில் சேர்கிறது" என்று தொகை போட்டு எழுத வைத்துவிடுங்கள்.

இரண்டாவது: பி.எஃப். எந்தத் தொகைக்குப் பிடிக்கப்படுகிறது?

சட்டப்படிக் கட்டாய வரம்பு 15,000 ரூபாய். அதில் 12 சதவீதம் 1,800. பேசிக்கும் டி.ஏ.வும் 25,000 ஆன பிறகும் நிர்வாகம் 1,800தான் கட்டும் என்றால், முழுத்தொகைக்கு 3,000 வர வேண்டிய இடத்தில் மாதம் 1,200 குறைகிறது. "வரம்பில்லாமல் முழு பேசிக், டி.ஏ. மீது" என்ற வரியைக் கேளுங்கள்.

இதில் உறுப்பினர்களே எதிர்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிர்வாகம் கூடுதலாகப் போடும் அதே 1,200 தொழிலாளர் சம்பளத்திலும் பிடிக்கப்படும், கைக்கு வருவது குறையும். இளைஞர்களிடம் இதைக் கூட்டம் போட்டு முன்னாலேயே பேசிவிடுங்கள், கையெழுத்துக்குப் பிறகு விளக்கப் போனால் சண்டைதான். நிர்வாகம் எவ்வளவு கட்டினாலும் அதில் 1,250 ரூபாய் மட்டுமே ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும் என்பதால், கூடுதல் தொகை முழுவதும் தொழிலாளரின் பி.எஃப். கணக்கிலேயே ஏறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது: 15 நாள் என்பது குறைந்தபட்சம்தான்

ஒப்பந்தத்தின் மூலம் அதைவிட மேலான கிராஜுவிட்டி பெறும் உரிமையைப் பழைய சட்டத்தின் 4(5) பிரிவு ஒப்புக்கொண்டது, புதிய தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆண்டுக்கு 20 நாள் என்று வாங்கினால் மேலே சொன்னவருக்கு 4,04,000 என்பது 5,38,000 ஆகும். 20 லட்சம் என்ற சட்ட வரம்பு பொருந்தாது என்றும் எழுதலாம், வரம்புக்கு மேல் வருவதற்கு வருமான வரி உண்டு.

"25 ஆண்டு முடித்தவர்களுக்கு 30 நாள்" என்று நிர்வாகம் தாராளமாக முன்வந்தால், அந்த ஆலையில் 25 ஆண்டு முடிக்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று பெயர் எழுதி எண்ணிப் பாருங்கள். சில நேரம் ஏழு பேர்தான் இருப்பார்கள்.

நான்காவது: இடையில் ஓய்வுபெற்றவர்

நான் அதிகம் வருந்தும் ஷரத்து இது. பழைய ஒப்பந்தம் மார்ச்சில் முடிந்தது, பேச்சுவார்த்தை பதினான்கு மாதம் இழுத்தது. அந்த இடைவெளியில் எங்கள் ஷாப்பில் மூன்று பேர் ஓய்வுபெற்றார்கள். ஒப்பந்தம் முன்தேதியிட்டுத்தான் கையெழுத்தானது, இனிப்பும் கொடுத்தோம். பிறகுதான் ஒரு அண்ணன் தாளை நீட்டி ஒரு வரியில் விரலை வைத்தார்: "ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் பணியில் இருப்பவர்களுக்கு". அரியர்ஸ் இல்லை, கிராஜுவிட்டி பழைய சம்பளத்தில். அந்த வரியை நான் படித்திருந்தேன், உறைக்கவில்லை.

அந்தச் சொற்றொடர் வந்தால் அடித்துவிட்டு, "முந்தைய ஒப்பந்தம் முடிந்த மறுநாளிலிருந்து பணியில் இருந்த அனைவருக்கும், இடையில் ஓய்வுபெற்றவர்களுக்கும், இறந்தவர்களின் வாரிசுகளுக்கும் பொருந்தும், கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பள வித்தியாசம் அறுபது நாளில் வழங்கப்படும்" என்று எழுதச் சொல்லுங்கள். அரியர்ஸை ஒரே மொத்தத் தொகையாகத் தந்து கணக்கை முடிக்கப் பார்த்தாலும் இதே ஆபத்துதான். அந்த மாதங்களுக்குப் பேசிக் உயர்ந்ததாகவே ஏட்டில் இருக்காது.

ஐந்தாவது: பணம் எங்கே இருக்கிறது?

நிர்வாகத்தின் ஆண்டறிக்கையைக் கேளுங்கள். கிராஜுவிட்டிக் கடப்பாடு எவ்வளவு, அதற்கெனத் தனி நிதியில் எவ்வளவு என்று குறிப்புகளில் இருக்கும். ஏட்டில் ஒதுக்கீடு மட்டும் போட்டு, எல்.ஐ.சி. குழுத் திட்டத்திலோ அறக்கட்டளையிலோ பணம் கட்டாத ஆலைகள் உண்டு. ஆலை மூடினால் இந்த வேறுபாடு உயிரை எடுக்கும். 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 36ஆவது பிரிவு, கிராஜுவிட்டி நிதியிலிருந்து தொழிலாளருக்கு வர வேண்டியதைக் கடன்காரர்களுக்குப் பிரிக்கும் சொத்தில் சேர்ப்பதில்லை. நிதியே இல்லாத இடத்தில் அந்தப் பாதுகாப்பைக் கேட்டு வழக்காட வேண்டிவரும்.

ஆகவே, பற்றாக்குறையை இந்த மூன்றாண்டுக்குள் நிதியில் கட்டி முடிப்பது, ஆண்டுதோறும் மதிப்பீட்டு அறிக்கையின் நகலைச் சங்கத்துக்குத் தருவது என இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாம் கிடைக்காது. நான் பேச உட்கார்ந்தால் இடையில் ஓய்வுபெற்றவர் ஷரத்தையும் பேசிக் பங்கையும் விடமாட்டேன், அடுத்து நிதி. 20 நாள் கோரிக்கையைக் கடைசிவரை மேசையில் வைத்திருந்து, தேவைப்பட்டால் 18க்கு இறங்குவேன்.