இறுக்கம் வேறு, அடர்த்தி வேறு: முதுகுவலிக்கு மெத்தை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் என் சின்னம்மா, முதுகுவலிக்கு நல்லதென்று கடைக்காரர் சொன்னதை நம்பி, கையால் அழுத்தினால் பலகைபோல் நின்ற ஒரு மெத்தையை வாங்கினார். எட்டு மாதத்தில் இடுப்பு படும் இடம் குழிந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்து நிமிர்வதற்கே அவருக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

இறுக்கமாக இருப்பதே நீடித்து உழைக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. இறுக்கம் என்பது மெத்தையை அமிழ்த்த எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் குறிக்கிறது. அடர்த்தி என்பதோ ஒரு கன மீற்றர் ஃபோமில் எத்தனை கிலோ பொருள் இருக்கிறது என்பதாகும். கலவையை மாற்றினால் அடர்த்தி குறைந்த ஃபோமையும் இறுக்கமாகச் செய்துவிடலாம். அது கடையில் கெட்டியாகத் தெரிந்தாலும், உள்ளே பொருள் போதாததால் தினமும் படுக்கப் படுக்க விரைவில் தளர்ந்துவிடும்.

அடர்த்தியைக் கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நாமே கணக்கிடலாம். சின்னம்மாவின் மெத்தை ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஆறங்குலத் தடிப்பு. அதாவது ஒன்பது கன அடி, ஏறத்தாழ 0.255 கன மீற்றர். உறையைக் கழற்றி, கொழுந்து நிறுப்பதுபோல் தராசில் தொங்கவிட்டபோது 4.7 கிலோ காட்டியது. வகுத்தால் அடர்த்தி 18தான் வருகிறது. வளர்ந்தவர் தினமும் படுக்கும் சாதாரண ஃபோம் மெத்தைக்கு 30 அளவிலாவது இருப்பது நல்லது என்பது என் கருத்து. அப்படியானால் அதே அளவு மெத்தை ஏழரைக் கிலோவுக்கு மேல் நிறுத்திருக்க வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு ஒரே வகை ஃபோமால் ஆன மெத்தைக்கு மட்டுமே பொருந்தும். வெட்டுத் துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்யும் மெத்தையும் இறப்பர் மெத்தையும் இயல்பாகவே பாரமானவை; சில ஃபோமில் எடைக்காகச் சுண்ணாம்புத் தூளும் கலக்கப்படுவதுண்டு.

முதுகுவலிக்கு மிக இறுக்கமான மெத்தையே மருந்து என்பது அடுத்த தவறு. நாட்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் ஸ்பெயினில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், மிக இறுக்கமான மெத்தையைவிட நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. கடையில் கையால் அழுத்திப் பார்த்து முடிவெடுக்காமல், வீட்டில் படுக்கும் அதே நிலையில் பத்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது இடுப்பின் வளைவுக்குள் கை தடையின்றி நுழைந்து வெளியே வந்தால் மெத்தை உங்களுக்கு இறுக்கம். கை நுழையவே இடமில்லாமல் இடுப்பு அமிழ்ந்திருந்தால் மென்மை அதிகம்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மெமரி ஃபோம் உடற்சூட்டில் இளகி, குளிரில் இறுகும் பொருள். கொழும்பு வெயிலில் பஞ்சுபோல் உள்வாங்கிய மெத்தை, நுவரெலியாவின் ஜனவரி இரவில் படுத்த உடனே பலகையாகத் தெரியும். உடற்சூடு ஏறிய பின்னரே இளகும். மெமரி ஃபோம்தான் வேண்டுமென்றால், அது மேலே மெல்லிய அடுக்காக மட்டும் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம்.

தலையணையை மெத்தைக்கு முன்பே வாங்கிவிடாதீர்கள். பக்கவாட்டில் படுப்பவருக்குக் காதுக்கும் தோளின் வெளிவிளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தலையணை நிரப்ப வேண்டும். மெத்தையில் தோள் எவ்வளவு அமிழ்கிறதோ அந்த அளவுக்கு உயரம் குறைய வேண்டும். இடுப்புவலிக்கு, பக்கவாட்டில் படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையிலும், மல்லாந்து படுக்கும்போது முழங்கால்களுக்கு அடியிலும் வைக்கும் இரண்டாவது தலையணைதான் பல நேரங்களில் அதிகம் உதவுகிறது.

கடைசித் தவறு, உத்தரவாதத்தையும் பரீட்சார்த்தக் காலத்தையும் ஒன்றென எண்ணுவது. 'பத்து வருட உத்தரவாதம்' என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டுமே. உடலுக்கு ஒத்துவரவில்லை என்பதை அது ஏற்காது. சின்னம்மாவின் அட்டையில், ஓரங்குலத்துக்கு மேற்பட்ட குழியே குறையாகக் கருதப்படும் என்று பொடி எழுத்தில் இருந்தது. யாரும் படுக்காத மெத்தையின் குறுக்கே நேரான கம்பொன்றை வைத்து அளந்தபோது குழி இரண்டு சென்ரிமீற்றர்தான். ஆள் படுத்தால் அது எவ்வளவு இறங்குகிறது என்பது கணக்கில் வரவில்லை. கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

நூறு இரவுகள் படுத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்று நிறுவனம் சொன்னால், நாள் எப்போதிலிருந்து எண்ணப்படுகிறது, குறைந்தது எத்தனை இரவுகள் படுத்திருக்க வேண்டும், பணம் கிடைக்குமா அல்லது வேறு மெத்தைதானா, தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பும் லொறிக்கூலி யாருடையது என்பவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கறையோ பூஞ்சணமோ பட்டால் பெரும்பாலும் இரண்டு உரிமையும் போய்விடும். ஆகவே ஈரம் ஊறும் லயத்துச் சீமெந்துத் தரையில் மெத்தையை நேரடியாகப் போடாமல், இடைவெளியுள்ள பலகைக் கட்டிலில் போட்டு, முதல் நாளிலிருந்தே கழற்றித் துவைக்கக்கூடிய உறையொன்றை மாட்டிவிடுங்கள்.