இயல் வரைவுகளைத் தொடக்கத்திலிருந்தே படித்துவரும் முறை: புதிய நெறியாளர்களுக்கு

ஆய்வேட்டை ஒப்படைக்கும் மாதத்தில் 'இதை இவர்தான் எழுதினாரா?' என்ற ஐயம் எழுந்தால் அதைத் தீர்க்க நெறியாளரிடம் பெரும்பாலும் ஒப்புமை அறிக்கை ஒன்றுதான் இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. ஆனால் அந்த எண் ஏற்கெனவே வெளிவந்த நூல்களோடும் கட்டுரைகளோடும் உள்ள ஒற்றுமையை மட்டுமே காட்டும். பணம் வாங்கிக்கொண்டு வேறொருவர் புதிதாக எழுதித் தந்ததை அது காட்டாது. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ் ஆய்வேட்டுக்கு எண் பொய்யாகவே குறைந்துவிடவும் கூடும். ஆகவே நான் பின்பற்றும் முறை முதல் மாதத்திலேயே தொடங்குகிறது.

படி 1: இயல் பகுப்பைக் கேள்விகளாக வாங்குங்கள்

'முன்னுரை, பின்புலம், பகுப்பாய்வு, முடிவுரை' என்ற தலைப்புப் பட்டியலை யாரும் யாருக்கும் எழுதித் தந்துவிடலாம். அதற்குப் பதிலாக ஒவ்வோர் இயலுக்கும் மூன்று வரிகள் கேட்கிறேன்: இந்த இயல் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது, எந்தத் தரவைக் கொண்டு, இப்போதைக்கு எது விளங்கவில்லை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் தொழிற்சொற்களை ஆய்ந்த மாணவி ஒருவர் மூன்றாவது வரியில், 'பாத்தி என்ற சொல்லை வயலிலும் உப்பளத்திலும் ஒரே பொருளில்தான் வழங்குகிறார்களா என்று தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். அந்த ஐயம் அவருடையது. மூன்றாம் இயல் முழுவதும் அதிலிருந்துதான் வளர்ந்தது. அந்தத் தாளில் நாளிட்டுக் கையொப்பமிட்டு, ஒரு படியை என் கோப்பில் வைத்தேன்.

படி 2: பதினைந்து நாளுக்கு ஒருமுறை, எட்டுப் பக்கம்

முழு இயலையும் முடித்துக் கொண்டுவரும்படி சொல்லாதீர்கள். எட்டுப் பக்கம் போதும். அதனுடன் அப்பகுதிக்கான களக்குறிப்பேடு, ஒலிப்பதிவு, படித்த நூல்களின் குறிப்புகள் ஆகியவையும் வர வேண்டும். வரைவுகளைப் பழையதன் மேல் அழித்து எழுதாமல், `iyal3_2023-08-14_v2.docx` என்பதுபோல் நாளைப் பெயரிலேயே வைத்துத் தனித்தனியாகச் சேமிக்கச் சொல்லுங்கள்.

படி 3: மூன்று இடங்களில் நிறுத்திக் கேளுங்கள்

இம்முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பதால் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குகிறேன். வரைவைப் படிக்கும்போது மூன்று வாக்கியங்களைக் குறித்துவைத்து, நேரில் வரும்போது 'இந்த முடிவுக்கு எந்தக் குறிப்பிலிருந்து வந்தீர்கள்?' என்று கேட்பேன். எழுதியவர் தடுமாறினாலும் குறிப்பேட்டைப் புரட்டி இடத்தைக் காட்டிவிடுவார். எழுதாதவர் அந்த வாக்கியத்தையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வார்.

அதே மாணவியின் மூன்றாம் இயலில் நான்கு பக்கங்கள் மட்டும் திடீரென வேறு நடையில் இருந்தன. அதுவரை 'தொழிலாளர்' என்று எழுதியவர் அங்கே 'உழைப்பாளர்' என்று எழுதியிருந்தார்; பேச்சில் ஒருமுறைகூட வராத கலைச்சொற்கள் வரிசையாக வந்தன; அடிக்குறிப்பின் அமைப்பும் மாறியிருந்தது. குற்றம் சாட்டாமல், 'இந்தப் பகுதியை எப்போது எழுதினீர்கள், அம்மா?' என்று மட்டும் கேட்டேன். கருத்தரங்கு ஒன்றுக்காகத் தோழியோடு சேர்ந்து எழுதிய கட்டுரையின் பகுதி அது என்றும், தன் பெயரும் அதில் இருப்பதால் அப்படியே சேர்க்கலாம் என்று எண்ணியதாகவும் சொன்னார். தோழி எழுதிய பத்திகளை நீக்கி, தம் தரவைக் கொண்டு புதிதாக எழுதி, கூட்டுக் கட்டுரையை அடிக்குறிப்பில் சுட்ட அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. வாய்மொழித் தேர்வில் இது வெளிப்பட்டிருந்தால் நேர்மையான பெண்ணின் மீது பழி விழுந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

படி 4: உங்கள் பேனாவையும் கட்டுப்படுத்துங்கள்

நடை மாறுவதற்கு நெறியாளரே காரணமாவதும் உண்டு. மாணவரின் பத்தியை நாமே திருத்தி எழுதித் தந்தால், இரண்டு ஆண்டுகளில் ஆய்வேட்டில் பாதி நம் குரலாகிவிடும். ஆகவே பிழையைச் சுட்டுவேன், கேள்வியை ஓரத்தில் எழுதுவேன், மாற்று வாக்கியம் தரமாட்டேன். அடுத்த வரைவோடு, எந்தக் குறிப்பை ஏற்றார், எதை ஏன் ஏற்கவில்லை என்று மாணவர் அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும். ஏற்காததற்குச் சொல்லும் காரணம்தான் அவர் சிந்தனைக்கு நல்ல சான்று.

படி 5: ஒப்புமை அறிக்கையை இயல்தோறும் எடுங்கள்

ஒவ்வோர் இயலும் முடிந்ததும், ஒருங்குறியில் மாற்றிய கோப்பைக் கொண்டு எடுங்கள். எண்ணைவிட நிறமிட்ட பகுதிகளைப் பாருங்கள்: மேற்கோள் குறியின்றி ஒரே நூலிலிருந்து தொடர்ந்து வரும் வரிகள் இருந்தால், மொத்த ஒப்புமை 6 விழுக்காடாக இருந்தாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

நாளிட்ட பகுப்பு, வரைவுகள், ஓரக்குறிப்புகள், மாணவரின் அரைப் பக்க விடைகள், இயல்வாரி அறிக்கைகள் ஆகியவை ஒரே கோப்பில் சேர்ந்திருக்கும். புறத்தேர்வாளர் கேட்டால் மேசைமீது வைப்பதற்காக, வாய்மொழித் தேர்வு நாளன்று அதை மாணவரிடமே கொடுத்து அனுப்புகிறேன்.