கட்டட மறுமதிப்பீடு: உபரியிலும் தேய்மானத்திலும் நேரும் தவறுகள்

நிலத்தையும் கட்டடத்தையும் மறுமதிப்பீடு செய்யும்போது பெரும்பாலான தவறுகள் முதல் பதிவிலேயே தொடங்கி, அடுத்து வரும் ஒவ்வோர் ஆண்டின் தேய்மானத்திலும் தொடர்ந்து வருகின்றன. எண்களைச் சிறிதாக வைத்துக்கொண்டு ஒரே ஓர் எடுத்துக்காட்டின் வழியே அவற்றைப் பார்ப்போம்.

ஒரு நிறுவனம் 2013 ஏப்ரல் 1 அன்று தொழிற்கூடம் ஒன்றை ஒரு கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதில் நிலத்தின் பங்கு 40 லட்சம், கட்டடத்தின் பங்கு 60 லட்சம். கட்டடத்தின் ஆயுள் 30 ஆண்டுகள். இறுதி மதிப்பு இல்லை என்று கொள்வோம். நேர்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் 2 லட்சம். 2023 மார்ச் 31 அன்று மதிப்பீட்டாளர் நிலத்தை 90 லட்சம் என்றும் கட்டடத்தை 60 லட்சம் என்றும் மதிப்பிட்டார்.

கட்டடம் வாங்கிய விலையும் 60 லட்சம், இன்றைய மதிப்பும் 60 லட்சம் என்பதால், கட்டடத்தில் உபரி ஏதுமில்லை என்று எழுதிவிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. ஒப்பிட வேண்டியது வாங்கிய விலையோடு அன்று, ஏட்டு மதிப்போடு. பத்து ஆண்டுகளில் 20 லட்சம் தேய்மானம் திரண்டிருப்பதால் ஏட்டு மதிப்பு 40 லட்சம். எனவே கட்டடத்தின் மறுமதிப்பீட்டு உபரி 20 லட்சம். திரண்ட தேய்மானக் கணக்கைப் பற்று வைத்து, மறுமதிப்பீட்டு உபரிக் கணக்கை அதே 20 லட்சத்துக்கு வரவு வைத்தால் போதும். கட்டடக் கணக்கில் 60 லட்சம் அப்படியே நிற்கும். மாறாதது போல் தோன்றும் அந்த எண்தான் கண்ணை ஏமாற்றுகிறது. மறுமதிப்பீட்டு நாள் வரைக்கும் உரிய தேய்மானத்தை எழுதிய பிறகே உபரியைக் கணக்கிட வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. கடைசி ஆண்டின் 2 லட்சத்தை விட்டுவிட்டால் உபரி 18 லட்சமாகக் குறைந்து தெரியும்.

நிலத்தின் உபரி 50 லட்சம். இதைக் கட்டடத்தின் உபரியோடு சேர்த்து 70 லட்சம் என்று ஒரே வரியில் எழுதும் பதிவேடுகள் உண்டு. இருப்புநிலைக் குறிப்பில் ஒரே தொகையாகக் காட்டலாம். ஆனால் உள்ளே ஒவ்வொரு சொத்துக்கும் தனிக் கணக்கு இருந்தே ஆக வேண்டும். நிலத்துக்குத் தேய்மானம் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மதிப்பு இறங்கும்போது தெரியவரும்.

மறுமதிப்பீட்டுக்குப் பின் தேய்மானம் புதிய மதிப்பின்மீது, எஞ்சிய ஆயுளுக்குக் கணக்கிடப்படும். 60 லட்சத்தைப் பழைய பழக்கத்தில் 30-ஆல் வகுத்தால் மீண்டும் 2 லட்சமே வரும், அது தவறு. எஞ்சியிருப்பது 20 ஆண்டுகள், ஆகவே ஆண்டுத் தேய்மானம் 3 லட்சம். கழிந்த ஆண்டுகளின் தேய்மானத்தைத் திருத்த வேண்டியதில்லை.

கூடுதலாக வரும் இந்த 1 லட்சத்தைக் கையாளுவதில்தான் அனுபவமுள்ளவர்களும் தடுமாறுகிறார்கள். முன்பெல்லாம் இந்தியாவில் அந்தத் தொகையை உபரியிலிருந்து எடுத்து இலாப நட்டக் கணக்கில் வரவு வைத்து, இலாபம் குறையாதபடி பார்த்துக்கொண்டார்கள். திருத்தப்பட்ட கணக்கியல் தரநிலை 10-உம், இண்ட் ஏஎஸ் 16-உம் அதற்கு இடம் தரவில்லை. முழு 3 லட்சமும் இலாப நட்டக் கணக்கில் செலவாகவே நிற்க வேண்டும். ஆண்டுக்கு 1 லட்சத்தை உபரியிலிருந்து தக்கவைத்த இலாபத்துக்கு மாற்றலாம். ஆனால் அந்தப் பதிவு இலாப நட்டக் கணக்கைத் தொடாமல் நேரடியாகச் செல்ல வேண்டும். கட்டாயமில்லாத இந்த மாற்றத்தை ஆண்டுதோறும் செய்துவருவதே நல்லது என்பது என் கருத்து. செய்யாவிட்டால், கட்டடம் தேய்ந்து முடிந்த பிறகும் அதன் உபரி, விற்பனையோ அகற்றமோ நடக்கும்வரை ஏட்டில் அப்படியே கிடக்கும்.

இனி மதிப்பு இறங்குவதைப் பார்ப்போம். 2025 மார்ச் 31 அன்று, இரண்டு ஆண்டுத் தேய்மானம் போக, கட்டடத்தின் ஏட்டு மதிப்பு 54 லட்சம். ஆண்டுதோறும் மாற்றம் செய்திருந்தால் அதன் உபரியில் எஞ்சியிருப்பது 18 லட்சம். அன்று கட்டடம் 30 லட்சம்தான் பெறும் என்று மதிப்பீடு வந்தால், இறக்கம் 24 லட்சம். நிலத்தின் உபரி 50 லட்சம் கைவசம் இருக்கிறதே என்று முழு இறக்கத்தையும் உபரியிலேயே கழிக்கக் கை துறுதுறுக்கும். அது கூடாது. கட்டடத்தின் சொந்த உபரியான 18 லட்சம் மட்டுமே இறக்கத்தைத் தாங்கும். மீதி 6 லட்சம் இலாப நட்டக் கணக்கில் நட்டமாக எழுதப்பட வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து தேய்மானம், 30 லட்சத்தை எஞ்சிய 18 ஆண்டுகளால் வகுத்து, ஏறத்தாழ 1.67 லட்சம்.