நீளக் கட்டடத்தில் விரிவு இணைப்பு: 45 மீட்டரோடு நின்றுவிடும் தவறு

வெப்பத்தில் நீள இடம் தருவதற்காகக் கட்டடத்தைப் பகுதிகளாகப் பிரித்து விடும் இடைவெளிதான் விரிவு இணைப்பு. புதிதாக வடிவமைப்புக்கு வரும் பொறியாளரிடம் அதைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் 45 மீட்டர் என்ற எண்ணே முதலில் வரும். இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, அந்த நீளத்தைத் தாண்டும் கட்டடங்களுக்குப் பொதுவாக விரிவு இணைப்பு தேவை என்று சொல்வது உண்மைதான். ஆனால் கட்டடத்தை எங்கே பிரிக்க வேண்டும், பிரித்த இடத்தில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்த எண்ணில் விடை இல்லை. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

96 மீட்டர் நீளமுள்ள மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இரு கோடிகளிலும் கான்கிரீட் சுவர்களால் ஆன லிஃப்ட் அறைகள் உள்ளன. வரைபடத்தில் நடுவே ஒரு கோடு போட்டு, 48 மீட்டர் நீளமுள்ள இரண்டு பகுதிகளாகப் பிரித்து, வழக்கம்போல 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். கான்கிரீட்டின் வெப்ப விரிவுக் கெழுவை டிகிரிக்கு 0.00001 என்றும், வார்த்த நாளின் வெப்பநிலையிலிருந்து கோடையின் உச்சம் வரை 25 டிகிரி ஏற்றம் என்றும் வைத்தால், தடையின்றி நீளும் 48 மீட்டர் தளம் 12 மில்லிமீட்டர் விரியும். இதில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் போகும் என்று எண்ணி, இணைப்புக்கு ஒவ்வொரு பகுதியிலிருந்தும் 6 மில்லிமீட்டர், ஆக மொத்தம் 12 மில்லிமீட்டர் மட்டுமே வரும் என்று கணக்கிடுவது மிகப் பரவலான பிழை.

தூண்கள் சீராக அமைந்து விறைப்பான சுவர் ஏதும் இல்லாத பகுதிக்கு அந்தக் கணக்கு பொருந்தும். அங்கே நகராத புள்ளி நடுவில் இருக்கும். இங்கே நகராத புள்ளி கோடியிலுள்ள லிஃப்ட் அறை. சுவர் தளத்தைப் பிடித்துக்கொள்வதால், ஏறக்குறைய முழு 12 மில்லிமீட்டரும் இணைப்பை நோக்கியே வருகிறது. இரு பகுதிகளும் அப்படியே வந்தால் இடைவெளி 24 மில்லிமீட்டர் சுருங்க வேண்டும். இடைவெளிக்குள் வைத்த நிரப்பித் தகடு பாதி கனம் வரைதான் அழுங்கும் என்றால், 25 மில்லிமீட்டரில் நமக்குக் கிடைப்பது பன்னிரண்டரை மட்டுமே. மீதி அசைவு அழுத்தமாக மாறி, இணைப்பின் ஓரத்துக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். இந்த அமைப்பையே வைத்துக்கொண்டால் 50 மில்லிமீட்டர் இடைவெளி தேவைப்படும். லிஃப்ட் அறையை ஒவ்வொரு பகுதியின் நடுவுக்கும் நகர்த்தச் சொல்லிக் கட்டடக் கலைஞரிடம் வாதாடுவதே நல்லது என்பது என் கருத்து. அசைவு பாதியாகக் குறைவதோடு, இணைப்பருகே நிற்கும் தரைத்தளத் தூண்கள் வளைவதும் பாதியாகும். அடித்தளம் நகராமல் முதல் தளம் மட்டும் நகர்வதால் அதிகம் வருந்துபவை அந்தத் தூண்கள்தான்.

ஒரே பகுதியின் இரு கோடிகளிலும் விறைப்பான சுவர்களை வைத்துவிட்டால் நிலைமை வேறு. அவற்றுக்கு இடைப்பட்ட தளத்தால் எந்தப் பக்கமும் நகர முடியாது. பகுதிக்கு வெளியே எத்தனை இணைப்பு விட்டாலும், கான்கிரீட் உலர்ந்து சுருங்கும்போது அந்தத் தளம் நடுவே விரிசல் விடத்தான் செய்யும்.

நிலநடுக்கம் கருதப்படும் இடங்களில் வெப்பக் கணக்கோடு நிறுத்தக் கூடாது. இரு பகுதிகளும் எதிரெதிராக ஆடும்போது மோதாமலிருக்கத் தேவைப்படும் தூரம் வெப்ப அசைவைவிடப் பல மடங்காக வரக்கூடும். இரண்டில் பெரியதே இடைவெளியின் அகலம்.

சரியான அகலத்தை வரைபடத்தில் எழுதிவிட்டாலும், கட்டுமான இடத்தில் அது இடைவெளியாகவே இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. இணைப்பின் இரு பக்கமும் நிற்கும் இரட்டைத் தூண்களுக்கு நடுவே விடுபட்ட பலகைத் துண்டோ, உள்ளே வழிந்து இறுகிய சிமென்ட் கலவையோ இரு பகுதிகளையும் மீண்டும் ஒட்டிவிடும். பூச்சு வேலைக்கு முன், மெல்லிய நீளக் கம்பி ஒன்றை ஒவ்வொரு மாடியிலும் உள்ளே செலுத்தி மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பாருங்கள். முட்டும் இடத்தில் அடைப்பு இருக்கிறது. இணைப்பானது உத்தரம், தளம், செங்கல் சுவர், பூச்சு, தரை ஓடு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஆகிய அனைத்தையும் ஒரே கோட்டில் பிரிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரைத்தான் அதிகம் மறக்கிறார்கள். நாள் முழுதும் வெயிலில் காய்வதும் அதுவே. அடித்தளத்தைப் பொதுவாகப் பிரிக்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் வெப்ப மாற்றம் குறைவு என்பதால் இரட்டைத் தூண்கள் ஒரே அடித்தளத்தில் நிற்கலாம்.

கடைசித் தவறு, மொட்டை மாடியில் இணைப்பைத் தளமட்டத்திலேயே சீலன்ட் கொண்டு அடைப்பது. அகலத்தில் 25 விழுக்காடு மட்டுமே அசைவைத் தாங்கும் சீலன்ட், 50 மில்லிமீட்டர் இடைவெளியில் பன்னிரண்டரை மில்லிமீட்டரோடு நின்றுவிடும். நமக்கு வேண்டியதோ 24. எனவே இரு பக்கமும் சிறிய கான்கிரீட் வரம்பு எழுப்பி, நீர்காப்புப் படலத்தை அதன் மேல்வரை ஏற்றி, மேலே கவிழும் மூடுதகட்டை ஒரு பக்க வரம்பில் மட்டும் பொருத்த வேண்டும். இரு பக்கமும் திருகிவிட்டால், முதல் கோடையிலேயே தகடு நடுவில் புடைத்து நிற்கும்.