உளுந்துப் பணம் நின்றபோது வங்கிக்கு எழுதிய கடிதம்

யாங்கோனிலிருந்து சென்னைக்கு உளுந்து அனுப்பினோம். வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தந்து திறந்த எல்.சி.யில் சரக்கின் பெயர் ரகம், தரத்தோடு நீளமாக இருந்தது. தாவர நலச் சான்றிதழில் வெறும் ‘உளுந்து’ என்றிருந்ததால், முரண்பாடு என்று சொல்லி எல்.சி. திறந்த வங்கி பணத்தை நிறுத்தியது.

சான்றிதழைத் திருத்தி வாங்கச் சொன்னார்கள். அதற்குள் துறைமுக வாடகை ஏறிவிடும். அதோடு, திருத்தவே தேவையில்லை. எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யூசிபி 600-ஐக் காட்டி எங்கள் வங்கிக்கு இப்படி எழுதினேன்: “யூசிபி 600, 18(சி) படி இன்வாய்ஸில்தான் விவரம் எல்.சி.யோடு ஒத்திருக்க வேண்டும். மற்ற ஆவணங்களில், முரண்படாத பொதுப்பெயர் போதும் என்கிறது 14(இ). இதைக் குறிப்பிட்டு, மறுப்பைத் திரும்பப் பெறுமாறு எல்.சி. திறந்த வங்கிக்கு ஸ்விஃப்ட் செய்தி அனுப்புங்கள்.”

எல்.சி. எண், பில் எண், மறுப்புத் தேதி, அவர்கள் எழுதிய அதே வாசகம் எல்லாவற்றையும் மேலே கொடுத்தேன். இது முக்கியம், மொட்டையாக எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். அப்புறம், பணம் வந்தது.