யுஎஃப்எஸ் 3.1-ஆ, 4.0-ஆ: போன் வாங்கும்போது வித்தியாசம் தெரியுமா?

கேலக்ஸி எஸ்23 போனில் 128 ஜிபி வாங்கினால் உள்ளே இருக்கும் ஸ்டோரேஜ் வகை யுஎஃப்எஸ் 3.1, 256 ஜிபி வாங்கினால் அதைவிடப் புதிய 4.0. வேகமான ஸ்டோரேஜுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்றால், வேண்டாம். அதிக இடம் தேவைப்பட்டால் தாராளமாக 256 ஜிபி எடுங்கள்.

காகிதத்தில் 4.0-இன் வேகம் 3.1-ஐப் போல இரண்டு மடங்கு. ஆனால் அந்த எண் பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கும்போது கிடைப்பது. ஆப் திறக்கும்போது போன் படிப்பது சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை. அதோடு பிராசஸரின் வேலையும் சேர்வதால், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும்.

கணினிக்கு வீடியோ மாற்றுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது யுஎஸ்பி போர்ட்டை. போர்ட் யுஎஸ்பி 2.0 என்றால் நொடிக்குச் சுமார் 40 எம்பிதான் போகும். 20 ஜிபி வீடியோவுக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்; உள்ளே எந்த யுஎஃப்எஸ் இருந்தாலும் இதே கதைதான். போர்ட் 3.2 ஆக இருந்தும் மெதுவாகப் போனால் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜருடன் வரும் கேபிள் பல நேரம் 2.0 வகைதான்.

உண்மையில் கையில் உணரக்கூடிய தாவல், விலை குறைந்த போன்களில் வரும் பழைய ஸ்டோரேஜ் வகையான இஎம்எம்சி 5.1-இலிருந்து யுஎஃப்எஸ் 2.2-க்கு. இஎம்எம்சி ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். யுஎஃப்எஸ் இரண்டையும் சேர்த்தே செய்யும். பின்னணியில் ஆப் அப்டேட் ஆகும்போது இஎம்எம்சி போன் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விலை குறைந்த போன் வாங்குகிறவர்கள் விவரப் பட்டியலில் ஸ்டோரேஜ் வகை என்ற இந்த ஒரு வரியைக் கட்டாயம் பாருங்கள்.